ஐஸுக்குள் இறங்கிய ஒளி

இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் ஒரு ஐஸ் கட்டி செய்யச் சொன்னால், எங்களில் பெரும்பாலோர் முதலில் எடுத்தது நீல நிறத்தைத்தான். ஒரு கனசதுரம், அதன் மேல் வெளிர்நீலம், பளபளப்புக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, விரிசலுக்கு ஒரு படம். தூரத்தில் நிறுத்தினால் ஐஸ் என்று சொல்லலாம். கேமரா அருகில் போனதும் அது வண்ணம் பூசிய பிளாஸ்டிக் ஆகிவிடும். இன்று அதே கட்டியை அதே பிளெண்டர் மென்பொருளில் செய்கிறவர் நிறத்தைத் தொடுவதற்கு முன் கட்டியின் அளவைச் சரிபார்க்கிறார். இந்த மாற்றத்தை இருபுறமும் பார்த்தவன் என்ற முறையில், சொரசொரப்பு, நிறச்சாயல், விரிசல் ஆகிய மூன்றிலும் என்ன நடந்தது என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

பிளெண்டரில் 2019 ஜூலை வரை இருந்த பழைய ரெண்டரருக்கு Blender Internal என்று பெயர். அதில் கண்ணாடியும் ஐஸும் ஒரே பலகத்தில்தான் பிறக்கும். Ray Transp என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஒளிவிலகல் எண்ணுக்கு IOR. உள்ளே போகும் கதிர் எத்தனை பரப்புகளைக் கடக்கலாம் என்பதற்கு Depth. அதன் தொடக்க மதிப்பு 2. முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று, அவ்வளவுதான். கட்டிக்குள் ஒரு விரிசலையோ குமிழியையோ வைத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும், அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகும். புதிதாக வந்தவர்கள் விளக்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கறுப்பு போகாது. Depth எண்ணைக் கூட்டினால் போகும், ஆனால் ரெண்டர் ஆக விடிந்துவிடும்.

ஒளி ஒரு பொருளுக்குள் வளைந்து போவதைக் கணக்கிடும் வழி அப்போதே பழையதுதான். பெல் ஆய்வகத்தின் டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ணாடிக் கோளம் இருந்தது. அந்த ஒரு படத்துக்கு அன்றைய கணினி ஒரு மணி நேரத்துக்கும் மேல் உழைத்தது. ஆனால் அவருடைய கண்ணாடி அப்பழுக்கற்றது. ஒரு கதிர் விழுந்தால் ஒரே ஒரு கதிர் விலகிப் போகும். மங்கலான கண்ணாடிக்கு அது உதவாது.

மங்கல் ஏன் வருகிறது? ஃபிராஸ்டட் கண்ணாடியின் ஒரு பக்கம் சாணை பிடித்தோ அமிலத்தில் அரித்தோ இருக்கும். அந்தப் பரப்பு கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு சரிவுகளால் ஆனது. ஒவ்வொரு சரிவும் தனித்தனியே பார்த்தால் தெளிந்த கண்ணாடிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒளியை வேறு திசைக்கு அனுப்புவதால், ஒரு கதிர் உள்ளே போய் ஒரு கூம்பாக வெளியே வருகிறது. லூகாஸ்ஃபிலிமில் இருந்த ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்பென்டர் மூவரும் 1984இல் ஒரு கதிருக்குப் பதில் பல கதிர்களைச் சற்றே சிதறடித்து அனுப்பிச் சராசரி எடுக்கலாம் என்று காட்டினார்கள். மங்கல் கண்ணாடிக்கு அன்று வழி பிறந்தது. எங்கள் பழைய பலகத்தில் இருந்த Gloss, Samples என்ற இரண்டு எண்களும் அந்த வழியில் வந்தவையே. Samples எண்ணைக் குறைத்தால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழும், கூட்டினால் நேரம் போகும்.

எந்தத் திசைக்கு எவ்வளவு சிதறும் என்பதற்கு நம்பத்தகுந்த சூத்திரம் வரச் சற்றுக் காலம் பிடித்தது. புரூஸ் வால்டரும் கார்னெல் பல்கலைக்கழகத் தோழர்களும் 2007இல் உண்மையான சொரசொரப்பான கண்ணாடிகளை எடுத்து, அவற்றின் வழியாகச் சென்ற ஒளியை அளந்து, அளவுக்குப் பொருந்தும் ஒரு பரவல் சூத்திரத்தைக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் GGX. அதே வடிவத்தை 1975இலேயே டிரோபிரிட்ஜும் ரைட்ஸும் கண்டிருந்தார்கள் என்பது பிறகு தெளிவானது. இதன் சிறப்பு அதன் நீண்ட வால். பெரும்பகுதி ஒளி நடுவில் குவிந்தாலும், கொஞ்சம் ஒளி வெகுதூரம் சாய்ந்தும் போகும். மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பல்பு எரிந்தால், அதன் நடுவில் பிரகாசமும் சுற்றிலும் மெல்லக் கரையும் ஒளிவட்டமும் தெரிகிறதே, அந்த வட்டம் இந்த வாலால் வருவது. பழைய படங்களில் பல்பு வெறும் மழுங்கிய உருண்டையாக நின்றுவிடும்.

குளியலறை ஜன்னலில் எல்லோரும் பார்த்த ஒன்று உண்டு. கண்ணாடியில் விரலை ஒட்டி வைத்தால் ரேகைவரை தெரியும்போல் இருக்கும். அதே ஆள் ஓரடி பின்னால் நகர்ந்தால் வெறும் நிழல். வெளிவரும் கூம்பு நடுக்கோட்டிலிருந்து 10 பாகை விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்கு 1 செ.மீ. பின்னால் இருக்கும் பொருள் பக்கத்துக்குச் சுமார் 2 மி.மீ.தான் கலங்கும். 1 மீட்டர் பின்னால் இருப்பது 18 செ.மீ. அளவுக்குக் கலங்கும். ஒரு முகமே அதற்குள் கரைந்துபோகும். அன்று நேரம் மிச்சப்படுத்த நாங்கள் பின்னணியைத் தனியே ரெண்டர் செய்து, மொத்தமாக மழுக்கி, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினோம். அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே அளவு மங்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று கண் சொல்லிவிடும். மங்கல் கண்ணாடி சரியா என்று சோதிக்க இன்றும் நான் பார்ப்பது இதைத்தான்: தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் கூர்மையாக இருக்கிறதா?

இனி நிறம். மூன்றில் மிகப் பெரிய மாற்றம் நடந்தது இதில்தான் என்பது என் கருத்து.

பழைய பலகத்தில் Filter என்று ஓர் எண் இருந்தது. ஒளி பரப்பைக் கடக்கும்போது பொருளின் நிறத்தை எவ்வளவு ஏற்க வேண்டும் என்று அது சொல்லும். பரப்பைக் கடக்கும்போது மட்டும். தாள் அளவு மெல்லிய ஓரமும் முழங்கை அளவு தடித்த நடுப்பகுதியும் ஒரே நீலமாக வரும். தடிமனுக்கு ஏற்ப ஒளியைக் குறைக்க Limit, Falloff என்று இரண்டு எண்களும் அங்கே இருந்தன. அந்த எண்ணமே அன்று இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றை எந்த அளவையும் வைத்து நிரப்ப முடியாது. கண்ணுக்குச் சரியாகப் படும்வரை நகர்த்திக்கொண்டே இருப்போம். அடுத்த காட்சியில் கட்டியின் அளவு மாறினால் மீண்டும் முதலிலிருந்து.

உண்மையில் நிறம் பரப்பில் இல்லை, பாதையில் இருக்கிறது. பள்ளியில் படித்த பீர்–லாம்பர்ட் விதிதான்: ஒரு பொருளுக்குள் ஒளி போகும் தூரம் கூடக்கூட, ஒவ்வொரு மீட்டருக்கும் அது ஒரே விகிதத்தில் குறையும். ஜன்னல் கண்ணாடித் தகட்டை நேரே பார்த்தால் நிறமற்றது. விளிம்பு வழியாகப் பார்த்தால் பச்சை. கண்ணாடியில் இருக்கும் சிறிதளவு இரும்பு, 5 மி.மீ. பாதையில் ஒளியைத் தொடுவதே தெரியாது, அரை மீட்டர் பாதையில் தன் நிறத்தைக் காட்டிவிடும்.

ஐஸும் அப்படித்தான். குமிழி இல்லாத சுத்தமான ஐஸ் சிவப்பை அதிகமாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உட்கவர்கிறது. அளந்த மதிப்புகளைச் சுருக்கிச் சொன்னால், 600 நானோமீட்டர் ஒளிக்கு மீட்டருக்குச் சுமார் 0.12, 550க்கு 0.05, 450க்கு 0.003. இவற்றைச் சிவப்பு, பச்சை, நீலத்துக்குப் பிரதிநிதிகளாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 10 செ.மீ. ஐஸைக் கடந்தபின் சிவப்பில் 99 சதவீதம் மிஞ்சுகிறது. அதாவது தட்டில் வைக்கும் ஐஸ் கட்டிக்கு நீல நிறமே கிடையாது. 3 மீட்டரில் சிவப்பு 70 சதவீதம், பச்சை 86, நீலம் 99. 10 மீட்டரில் சிவப்பு 30, பச்சை 61, நீலம் 97. பனியாற்றுப் பிளவுகளில் தெரியும் ஆழ்ந்த நீலம் இந்தத் தூரத்தில் பிறப்பது. நாங்கள் இத்தனை காலம் குளிர்பானக் குவளையில் மிதக்கும் கட்டிக்குப் பனியாற்றின் நீலத்தைப் பூசியிருக்கிறோம்.

பிளெண்டரில் 2011 டிசம்பரில் வந்த சைக்கிள்ஸ் ரெண்டரரில் இந்தக் கணக்கை அப்படியே எழுதலாம். பரப்புக்கு Glass BSDF, அதில் IOR 1.31. உட்புறத்துக்கு Volume Absorption. அந்த முனையில் உட்கவரும் அளவு என்பது Density எண்ணை, ஒன்றிலிருந்து நிறத்தைக் கழித்து வருவதோடு பெருக்கியது. எனவே Density 0.12 என்று வைத்து, நிறத்தை சிவப்பு 0, பச்சை 0.58, நீலம் 0.975 என்று கொடுத்தால் மேலே சொன்ன மூன்று அளவுகளும் கிடைக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் தயங்குவார்கள். நிறக்கட்டத்தில் பளிச்சென்ற நீலம் தெரியும், ரெண்டரில் கட்டி தெளிந்த நீர்போல் வரும். இரண்டும் சரி. நிறத்தைத் தீர்மானிப்பது கட்டியின் தடிமன்.

இதனால் பிழையின் முகமும் மாறிவிட்டது. வேறு மென்பொருளிலிருந்து வரும் மாதிரி பல நேரம் சென்டிமீட்டரை மீட்டராக எண்ணிக்கொண்டு வந்து இறங்கும். 20 செ.மீ. கட்டி 20 மீட்டர் ஆகிவிடும். சிவப்பு 9 சதவீதமாகவும் பச்சை 37 சதவீதமாகவும் சரிந்து, கட்டி மைப்புட்டிபோல் இருளும். அப்போது நிறத்தை வெளிறச் செய்து சரிக்கட்டுவது பழைய கை. அளவுப் பலகத்தைத் திறந்து பரிமாணத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் விடை தெரியும். இயக்குநர் கட்டி கொஞ்சம் நீலமாக இருக்கட்டும் என்று கேட்டால் Density எண்ணை இருபது மடங்கு கூட்டலாம், தவறில்லை. 20 செ.மீ. கட்டி 4 மீட்டர் ஐஸைப்போல் நடிக்கும். எத்தனை மடங்கு பொய் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும், அடுத்த காட்சியிலும் அதே பொய்யைச் சொல்லலாம்.

அப்படியானால் ஐஸ் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? நீர் வெளியிலிருந்து உள்நோக்கி உறைகிறது. அதில் கரைந்திருந்த காற்றுக்கு ஐஸில் இடமில்லை, உள்ளே தள்ளப்பட்டுக்கொண்டே போய், கடைசியில் உறையும் நடுப்பகுதியில் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. மீன்பிடித் துறைமுகங்களுக்கு வரும் ஐஸ் பாரைப் பார்த்தவர்களுக்கு ஓரம் தெளிவாகவும் நடுத்தண்டு வெள்ளையாகவும் இருப்பது தெரிந்திருக்கும். ஐஸின் வெண்மை காற்றால் வருவது. அதைக் கட்டி முழுக்க ஒரே மாதிரி பரப்பினால் மெழுகுபோல் ஆகிவிடும், நடுவில் குவிக்க வேண்டும்.

விரிசலும் காற்றுதான். உறைபெட்டியில் −18 பாகையில் இருந்த கட்டியைச் சாதாரண நீரில் போட்டால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். வெளித்தோல் சட்டென்று சூடேறி விரிய, உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும் பகுதி விட்டுக்கொடுக்காததால் பிளவு விழுகிறது. அந்தப் பிளவு மயிரிழை அளவே இருந்தாலும் உள்ளே காற்று இருந்தால் போதும், அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். ஐஸிலிருந்து காற்றுக்குப் போகும் கதிர், பரப்பின் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேறவே முடியாது, முழு அக எதிரொளிப்பு நடக்கும். விரிசல் வெள்ளிபோல் மின்னுவது இதனால்தான். கட்டியைச் சற்றுத் திருப்புங்கள்: மின்னிய விரிசல் மறைந்து, இதுவரை தெரியாத இன்னொன்று மின்னும்.

அன்று நாங்கள் வரைந்த விரிசல் எந்தக் கோணத்திலும் வெள்ளையாகவே இருந்தது. மேற்பரப்பில் ஒட்டிய படம் என்பதால் கட்டி திரும்பும்போது தோலோடு சேர்ந்து திரும்பும். 2001இல் கனேகோவும் குழுவினரும் கொண்டுவந்த பாரலாக்ஸ் முறை அதற்கு ஓர் ஆறுதல். பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் படத்தைச் சற்று நகர்த்தினால் அது பரப்புக்குக் கீழே இருப்பதுபோல் தோன்றும். மூன்று நான்கு ஆழங்களில் அதே படத்தை அடுக்கினால் நல்ல தோற்றம் கிடைக்கும். விளையாட்டுகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. ஆழம் வந்தது, மின்னல் வரவில்லை.

இன்று சைக்கிள்ஸில் விரிசலை ஒரு பொருளாகவே செய்யலாம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் அதில்தான் விழுகிறார்கள். ஒரு தட்டையான தாளை வளைத்து நெளித்துக் கட்டிக்குள் வைத்து, அதற்கும் ஐஸ் மெட்டீரியலைக் கொடுப்பார்கள். ரெண்டரருக்கு எது ஐஸ், எது காற்று என்று தெரியாது. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே அது முடிவு செய்கிறது. தாளின் முன்முகத்தில் பட்ட கதிர் காற்றிலிருந்து ஐஸுக்குள் நுழைவதாக எண்ணிக்கொள்ளும், ஏற்கெனவே ஐஸுக்குள் இருந்தும்கூட. வெளியேறும் வழி இல்லாததால் அதன் பிறகு எல்லா விலகலும் தவறு. படத்தில் இது தெரியும் விதம்: விரிசல் மின்னாது, அதற்குப் பின்னால் இருப்பவை மட்டும் விசித்திரமாக இடம்பெயர்ந்து நிற்கும்.

சரியான வழி இது. தாளுக்கு மிக மெல்லிய தடிமன் கொடுத்து, ஓரங்களில் கூர்மையாகச் சேரும் மூடிய வடிவமாக்க வேண்டும். 20 செ.மீ. கட்டிக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் போதும். பிறகு அதன் நார்மல்களைப் புரட்டி, எல்லாம் அந்தக் காற்று இடைவெளியை நோக்கிப் பார்க்கும்படி செய்து, கட்டியோடு ஒரே மெஷ்ஷாக இணைக்க வேண்டும். அப்போது ஐஸிலிருந்து வரும் கதிர் விரிசலைப் பின்முகமாகச் சந்திக்கும், வெளியேற முயலும், கோணம் தாண்டியிருந்தால் திரும்பி ஓடும். ஒரே மெட்டீரியல் என்பதால் நிறக்கணக்கும் காற்று இடைவெளியில் நின்று மறுபுறம் தொடரும். கட்டியிலிருந்து விரிசல் வடிவத்தைப் பூலியன் முறையில் வெட்டியெடுத்தாலும் இதே நிலைதான் கிடைக்கும். குமிழிகளுக்கும் இதே விதி. ஒளி கடக்கும் பரப்புகள் கூடிவிட்டதால் Transmission எண்ணின் தொடக்க மதிப்பான 12 போதாமல் போகலாம். விரிசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இடங்களில் கருமை தட்டினால் Total, Transmission இரண்டையும் 24க்கு உயர்த்திப் பாருங்கள்.

உருகும் கட்டிக்கு இன்னும் ஒன்று. மேற்பரப்பைத் தொடும் விரிசலுக்குள் நீர் புகுந்துவிடும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஐஸுக்கு 1.31. இந்தச் சிறு வேறுபாட்டில் நேரே விழும் ஒளியில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட எதிரொளிக்காது, விரிசல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆகவே நனைந்த கட்டியில் உள்ளே மூடிக்கிடக்கும் விரிசல்கள் மட்டுமே மின்ன வேண்டும். சொரசொரப்பான கண்ணாடியில் நீர் பட்டால் அந்த இடம் தெளிவதும் இதே காரணத்தால்தான், பள்ளங்களை நீர் நிரப்பிவிடுகிறது.

உடனுக்குடன் திரையில் ஓட வேண்டிய வேலைகளில் நிலைமை வேறு. 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டில், திரையில் ஏற்கெனவே வரைந்த படத்தைப் பிரதியெடுத்து, அதை நெளித்துக் கண்ணாடியில் காட்டினார்கள். இன்று உலாவியில் ஓடும் three.js நூலகமும் அடிப்படையில் அதையே செய்கிறது. கற்ற இயற்பியல் மட்டும் கூடியிருக்கிறது:

```js
const ice = new THREE.MeshPhysicalMaterial({
  transmission: 1,
  ior: 1.31,
  roughness: 0.15,
  thickness: 0.2,
  attenuationColor: new THREE.Color(0.30, 0.61, 0.97),
  attenuationDistance: 10
});
```

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். 10 மீட்டர் போனபின் மிஞ்சும் நிறம் என்று நாம் மேலே போட்ட கணக்கே அங்கே உட்கார்ந்திருக்கிறது. நீலம் வேண்டுமென்றால் 10ஐ 0.5 ஆக்கினால் போதும். ஆனால் thickness என்பது நாம் சொல்லும் எண். உண்மையில் ஓரம் மெலிந்திருக்கிறதா என்று இது தேடிப் பார்ப்பதில்லை, வேண்டுமானால் நாமே ஒரு படமாக வரைந்து கொடுக்கலாம். மங்கலும் பழையபடியே: பின்னால் உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே அளவு மழுக்கும். ஒளி ஊடுருவும் ஒரு பொருளுக்குள் இன்னொன்றை வைத்தால் உள்ளே இருப்பது காணாமல் போகும். எனவே சைக்கிள்ஸில் செய்த விரிசல் மெஷ்ஷை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. விரிசலை ஒளிபுகாத மெல்லிய தாள்களாக, alphaTest கொண்டு வெட்டி வைக்க வேண்டியிருக்கிறது. பிளெண்டரின் வேகமான ஈவீ ரெண்டரரிலும் 2024இல் வந்த 4.2 பதிப்பில்தான் தடிமனுக்கென்று Thickness என்ற தனி இணைப்பு வந்தது. அதுவும் நாம் கொடுக்கும் மதிப்பே.

அன்றைய தந்திரங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவை இல்லாமல் எங்கள் படங்கள் நேரத்துக்கு முடிந்திருக்காது, விளையாட்டுகளிலும் இணையத்திலும் இன்றும் அவை இல்லாமல் முடியாது. ஆனால் நிழற்படம்போல் நிற்க வேண்டிய ஒற்றைச் சட்டகத்துக்கு வண்ணம் பூசிய ஐஸை இனி யாரும் தர வேண்டியதில்லை.

இதில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு டப்பா நீரை உறைய வையுங்கள். எடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒரே விளக்கில் நாலாபுறமும் படம் எடுங்கள். பிறகு ஒருமுறை நீரில் நனைத்து எடுங்கள். எந்த விரிசல் மறைந்தது, எது மின்னியது, வெண்மை எங்கே குவிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் உங்கள் ரெண்டரை வைத்துப் பார்த்து, அதன் பிறகு எண்களை மாற்றுங்கள்.